R² 0.9995 வந்த வரைபும், மேசையில் குளிர்ந்திருந்த அமிலமும்

கேள்வி: நுவரெலியாவில் எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் தயோசல்பேற்று–அமிலப் பரிசோதனை செய்தோம். 50 ml தயோசல்பேற்றுக் கரைசலை 16, 25, 35, 45, 55 °C இல் எடுத்து, மேசையில் இருந்த அமிலத்தில் 5 ml ஊற்றினோம். புள்ளடி மறைய முறையே 150, 84, 45, 26, 16 செக்கன் எடுத்தது. 1/T எதிர் ln(1/t) வரைபின் படித்திறன் −5472, R² 0.9995. ஏவற்சக்தி 45494.2 என்று எழுதலாமா? அலகு என்ன?

பதில்:

முதலில் அலகு. கிடை அச்சில் இருப்பது 1/T, அதன் அலகு K⁻¹. நிலை அச்சில் இருப்பது மடக்கை, அதற்கு அலகில்லை. ஆகவே படித்திறனின் அலகு K. அதாவது உங்களுடையது −5472 K. ஆரெனியசு சமன்பாட்டின்படி படித்திறன் = −Eₐ/R. R ஐ 8.314 J K⁻¹ mol⁻¹ என்று எடுத்துப் பெருக்கினால் K வெட்டுப்பட்டு J mol⁻¹ மிஞ்சும். 45494 J mol⁻¹, அதாவது 45.5 kJ mol⁻¹. ‘மூலுக்கு’ என்பதை விட்டுவிட்டு வெறும் kJ என்று எழுத வேண்டாம். குறியையும் கவனியுங்கள்: படித்திறன் மறை, ஏவற்சக்தி நேர்.

வீத மாறிலி k தெரியாமல் 1/t ஐப் போட்டது சரிதானா என்று சிலர் கேட்பார்கள். சரிதான். ஒவ்வொரு முறையும் செறிவுகள் ஒன்று, புள்ளடியை மறைக்கத் தேவையான கந்தகத்தின் அளவும் ஒன்று. அதனால் 1/t ஆனது k இற்கு நேர்விகிதமாகவே இருக்கும். மடக்கை எடுத்ததும் அந்த விகித மாறிலி வெட்டுத்துண்டுக்குள் போய்விடும், படித்திறனைத் தொடாது. ஆனால் அதே காரணத்தால் உங்கள் வெட்டுத்துண்டிலிருந்து A யைக் கணிக்க முடியாது.

அடுத்தது, எத்தனை இலக்கம் எழுதுவது? 55 °C இல் 16 செக்கன் என்றீர்கள். மங்கிக்கொண்டே போகும் புள்ளடி ‘மறைந்துவிட்டது’ என்று ஒருவர் சொல்லும் கணம் இன்னொருவருக்கு ஒரு செக்கன் முன்பின்னாக இருக்கும். 16 இற்குப் பதில் 15 என்று போட்டு மறுபடி கோடு வரைந்து பாருங்கள். விடை ஏறத்தாழ 1 kJ mol⁻¹ கூடும். ஒரு செக்கனுக்கே இவ்வளவு அசையும் விடையில் 45494.2 இன் கடைசி நான்கு இலக்கங்களுக்கு என்ன பொருள்? 150 செக்கனில் ஒரு செக்கன் தவறினால் ஒன்றும் ஆகாது. சூடான முனைதான் உங்கள் கோட்டின் பலவீனமான இடம்.

இதை எண்ணாகப் பெற எக்செலில் இப்படி அடியுங்கள் (C இல் 1/T, D இல் ln(1/t)):

```
=LINEST(D2:D6,C2:C6,TRUE,TRUE)
```

முதல் நிரலின் முதலாவது எண் படித்திறன், அதற்கு நேர் கீழே இருப்பது படித்திறனின் நியம வழு. உங்கள் தரவுக்கு அது 70 K அளவில் வரும். R ஆல் பெருக்கினால் 0.6 kJ mol⁻¹. ஆக, வரைபு மட்டும் சொல்லும் விடை 45.5 ± 0.6 kJ mol⁻¹.

பலரும் இத்தோடு பேனாவை மூடிவிடுவார்கள். எனக்கு உங்கள் கேள்வியில் உறுத்துவது ‘மேசையில் இருந்த அமிலம்’ என்ற இடம்தான். உங்கள் முதல் புள்ளியே 16 °C. ஆய்வுகூடத்தில் காலையில் அறை வெப்பநிலை அதுவாகத்தான் இருந்திருக்கும், மேசையில் இருந்த அமிலமும் அதே 16 °C. 55 °C கரைசலில் 50 ml, 16 °C அமிலத்தில் 5 ml. இரண்டும் நீர் போலவே வெப்பம் கொள்ளும் என்று வைத்துக் கணக்கிடுங்கள்: (50 × 55 + 5 × 16) ÷ 55 = 51.5 °C. தாக்கம் நடந்தது 51.5 இல், நீங்கள் குறித்தது 55. இதேபோல 45 என்பது 42.4 ஆகவும், 35 என்பது 33.3 ஆகவும், 25 என்பது 24.2 ஆகவும் இறங்கும். 16 மட்டும் 16 ஆகவே நிற்கும்.

இந்த வெப்பநிலைகளைப் போட்டு அதே நேரங்களுக்குக் கோடு வரைந்தால் படித்திறன் −5954 K, ஏவற்சக்தி 49.5 kJ mol⁻¹. நான்கு kJ mol⁻¹ வித்தியாசம்! வரைபு சொன்ன ± 0.6 எங்கே, இது எங்கே. R² ஓ இரண்டு வரைபிலும் ஏறத்தாழ ஒன்றுதான். புள்ளிகள் எல்லாம் ஒழுங்காக, ஒரே திசையில் நகர்வதால் கோடு நேராகவே இருக்கிறது, சாய்வு மட்டும் மாறிவிடுகிறது. நியம வழு அளப்பது புள்ளிகளின் சிதறலைத்தான். எல்லாப் புள்ளியையும் சேர்த்து இழுக்கும் வழு அதன் கண்ணில் படாது.

ஏன் இவ்வளவு பெரிய மாற்றம் என்றால், கணித்துப் பெறும் ஏவற்சக்தி வெப்பநிலை வீச்சில் தங்கியிருக்கிறது. நீங்கள் 39 பாகை வீச்சு என்று நினைத்தது உண்மையில் 35.5 பாகைதான். வீச்சு ஏறத்தாழ 9 சதவீதம் சுருங்கினால் விடை அதே அளவு உயரும். இதற்கு மாறாக, உங்கள் வெப்பமானி எல்லா இடத்திலும் ஒரே சீராக 1 பாகை குறைத்துக் காட்டியிருந்தால் விடை 0.3 kJ mol⁻¹ அளவுதான் அசையும். வெப்பநிலையோடு சேர்ந்து வளரும் வழுதான் ஆபத்தானது. கொழும்பில் 30 °C மேசையில் இதே அமிலத்தை வைத்திருந்தால் 55 என்பது 52.7 இற்குத்தான் இறங்கியிருக்கும். மலையில் செய்கிறவர்கள் இதில் கூடுதலாகக் கவனமெடுக்க வேண்டும்.

வெப்பமானியைச் சரிபார்ப்பதாக இருந்தால் உருகும் பனிக்கட்டியில் வையுங்கள், 0 காட்ட வேண்டும். கொதிநீரில் 100 ஐ எதிர்பார்க்காதீர்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 °C அளவிலேயே கொதித்துவிடும். அதைப் பார்த்து நல்ல வெப்பமானியைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

இப்போது கையில் இருக்கும் தரவுக்கு அறிக்கையில் நான் எழுதுவது இப்படி இருக்கும்:

“16–55 °C வீச்சில் தோற்ற ஏவற்சக்தி 45.5 ± 0.6 kJ mol⁻¹ (5 புள்ளிகள், ± என்பது படித்திறனின் நியம வழு மட்டும்). வெப்பநிலை கலக்குமுன் அளக்கப்பட்டது. குளிர்ந்த அமிலத்திற்காகத் திருத்தினால் பெறுமானம் ஏறத்தாழ 49–50 kJ mol⁻¹.”

‘தோற்ற’ என்று போட்டது, இது கந்தகம் வெளிப்படும்வரை நடக்கும் முழுத் தாக்கத்தின் பெறுமானம், ஒரு தனிப் படியினது அல்ல என்பதற்காக. திருத்திய எண்ணை விடையாகவே எழுதிவிடாததற்கும் காரணம் உண்டு. அது கணித்த வெப்பநிலை, அளந்தது அல்ல. முகவை உறிஞ்சிய வெப்பமும், தாக்கம் நடக்கும்போது இழந்த வெப்பமும் அந்தக் கணக்கில் இல்லை.

நேரம் கிடைத்தால் 45, 55 புள்ளிகளை மட்டுமாவது மறுபடி செய்யுங்கள். அமிலத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து, கரைசல் நிற்கும் அதே சுடுநீர்த் தொட்டியில் பத்து நிமிடம் வையுங்கள். ஊற்றியதும் ஒருமுறை, புள்ளடி மறைந்ததும் ஒருமுறை கலவையின் வெப்பநிலையை எடுத்துச் சராசரியைக் குறியுங்கள். தயோசல்பேற்றும் அமிலமும் முன்பு பாவித்த அதே போத்தல்களிலிருந்து வரட்டும். புதிதாகக் கரைத்தால் செறிவு சற்று மாறும், அப்போது பழைய மூன்று புள்ளிகளோடு அவற்றை ஒரே கோட்டில் போட முடியாது, ஐந்தையும் திரும்பச் செய்ய வேண்டி வரும்.