மாமியார் வீட்டு லாக்கர்ல இருக்கற நகையைத் திருப்பிக் கேட்டு எழுதறது

"அக்கா, ஜெர்மனி வந்து 7 மாசம் ஆச்சு, இப்ப நானும் அவரும் தனித்தனியா இருக்கோம். என் நகையும் டிகிரி சர்டிபிகேட்டும் பெங்களூர் ஜெயநகர்ல மாமியார் வீட்ல மாட்டிக்கிச்சு. லெட்டர் எப்படி எழுதறது? அப்பா நேர்ல போய் கேட்டா போதுமா?"

அப்பாவ வெறுங்கையோட அனுப்பாதம்மா. அமெரிக்காவுல இருந்த ஒரு பொண்ணோட நகைக்காக அவங்க அப்பா போட்ட கேஸை 2024-ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. பொண்ணுக்குன்னு போட்ட நகை, கொடுத்த பொருள், அதாவது ஸ்த்ரீதனம், அந்தப் பொண்ணுக்கு மட்டும்தான் சொந்தம், அவ அதிகாரம் எழுதிக் கொடுக்காம அப்பா கேட்க முடியாதுன்னாங்க. அதனால லெட்டர்ல கையெழுத்து உன்னுது, வாங்கிக்கப் போறவருக்கு பவர் ஆஃப் அட்டர்னியும் நீ கொடுக்கணும். இங்க கான்சுலேட்ல அதிகாரி முன்னாடி கையெழுத்துப் போட்டு அனுப்பு, அது இந்தியா போய்ச் சேர்ந்ததும் 3 மாசத்துக்குள்ள ஸ்டாம்ப் ட்யூட்டி கட்டச் சொல்லிடு, நிறைய பேர் மறக்கறது இதைத்தான்.

லெட்டருக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. நான் பிரிஞ்ச புதுசுல கோவத்துல மூணு பக்கம் எழுதி வெச்சிருந்தேன், நல்ல வேளை அல்சூர்ல இருக்கற எங்க தம்பி தடுத்தான். முதல்ல சாதாரணமா ஒரு மெசேஜ் போடுக்கான்னான், போட்டேன், "அத்தை, என் காசுமாலை லாக்கர்லதானே இருக்கு?"ன்னு. "எல்லாம் பத்திரமா இருக்கு"ன்னு பதில் வந்துச்சு. நகை அவங்க பொறுப்புல இருக்குன்னு அவங்களே எழுத்துல ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு பாரு. அவங்ககிட்ட ஒப்படைச்சதை கேட்டும் தராம வெச்சிக்கிட்டா நம்பிக்கை மோசடி ஆகும்னு 1985-லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது, ஆனா ஒப்படைச்சோம்னு காட்டறதுதான் எல்லாருக்கும் கஷ்டமா இருக்கு. அந்த சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி வெச்சிக்கோ.

லெட்டர்ல சண்டை வேண்டாம், பட்டியல்தான் லெட்டரே. நான் எழுதினது ஏறக்குறைய இப்படித்தான்:

"மாமா, அத்தைக்கு வணக்கம். கீழே உள்ளவை என்னுடையவை, உங்கள் பொறுப்பில் உள்ளன. 1. காசுமாலை, 40 கிராம், என் பெற்றோர் கொடுத்தது, கல்யாண ஆல்பத்தில் போட்டோ எண் 12. 2. கல் வைத்த ஜிமிக்கி ஒரு ஜோடி, 14 கிராம், நிச்சயதார்த்தத்தில் நீங்கள் போட்டது. 3. வளையல் 6, மொத்தம் 48 கிராம். 4. பி.இ. சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், பழைய பாஸ்போர்ட். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் என் தம்பியிடம் கொடுக்கவும். பவர் ஆஃப் அட்டர்னி நகல் இணைத்துள்ளேன்."

ரெண்டாவதைக் கவனிச்சியா, மாமியார் வீட்ல உனக்குன்னு போட்டதும் உன்னுதுதான். ஆனா மாப்பிள்ளைக்கு நம்ம வீட்ல போட்ட செயின், மோதிரம் உன் ஸ்த்ரீதனம் இல்ல. நான் அதையும் சேர்த்து எழுதிட்டேன், அதையே பிடிச்சிக்கிட்டு "லிஸ்ட்டே பொய்"ன்னு ஒரு மாசம் இழுத்தாங்க. கல் நகைக்கு பில்ல மொத்த எடை, தங்க எடைன்னு ரெண்டு இருக்கும், எது எழுதறன்னு சொல்லிடு, இல்லன்னா நிறுக்கும்போது கணக்கு இடிக்கும். பில் இல்லன்னா அப்பாவோட கல்யாணக் கணக்கு நோட்டு, ஆல்பம் போட்டோ இதெல்லாம் தேடிப் பாரு.

"தரலன்னா போலீஸ் கேஸ் போடுவேன்"னு எழுதாத, அப்புறம் மிரட்டினான்னு அதையே காட்டுவாங்க, "சட்டப்படி மேற்கொண்டு செய்வேன்" போதும். தமிழ்ல எழுதினா கூடவே இங்கிலீஷ் காப்பியும் வை, பெங்களூர் வக்கீலுக்கு உதவும். தம்பியையே அங்கிருந்து ஸ்பீட் போஸ்ட்ல, டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சி வர்ற மாதிரி அனுப்பச் சொல்லு, ஈமெயில்லயும் போடு. அசையலன்னா குடும்ப வன்முறைச் சட்டத்துல மாஜிஸ்ட்ரேட்டே ஸ்த்ரீதனத்தைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு போடலாம், அந்த மனுவுக்கு இந்த லெட்டரும் அத்தாட்சியும் வேணும்.

சர்டிபிகேட் அவசரம்னா யுனிவர்சிட்டில டூப்ளிகேட்டுக்குக் கேளு, ஆனா அது அவங்க வீட்ல இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே "தொலைஞ்சு போச்சு"ன்னு போலீஸ்ல எழுதிக் கொடுத்துடாத. பாஸ்போர்ட்டுக்கும் அதேதான்.

வாங்கும்போது நகைக்கடைல வெச்சு நிறுத்து, லிஸ்ட் ரெண்டு காப்பி, ரெண்டு பக்கமும் கையெழுத்து. எங்களுக்கு வளையல் 6-க்கு 4-தான் வந்துச்சு. தம்பி எதுவும் பேசாம "2 வரவில்லை"ன்னு ரெண்டு காப்பிலயும் எழுதி மாமனார்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்துட்டான். மூணு வாரம் கழிச்சு அந்த ரெண்டும் வந்து சேர்ந்துச்சு, நாத்தனார் கையில கிடந்திருக்கு.