கடன் முடிந்தது, ஆர்.சி.யில் வங்கிப் பெயர் போனதா?

கார் கடனின் கடைசித் தவணையைக் கட்டிவிட்டேன். 'நோ டியூஸ்' சான்றிதழும் மின்னஞ்சலில் வந்துவிட்டது. இனி வேலை ஏதும் இல்லைதானே?

பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. நோ டியூஸ் என்பது உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலான கணக்கு. ஆர்.சி.யில் வங்கியின் பெயரில் இருக்கும் ஹைப்பாதிகேஷன், அதாவது வண்டி கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற பதிவு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் கணக்கு. முதலாவது முடிந்தாலும் இரண்டாவது அப்படியேதான் இருக்கும். அதை எடுக்க, ஆர்.டி.ஓ.வுக்கு முகவரியிட்ட என்.ஓ.சி.யும், வங்கி கையெழுத்திட்டு முத்திரை வைத்த படிவம் 35-ம் வேண்டும். படிவத்தில் இரண்டு பிரதி கேளுங்கள். வண்டி முதலில் வேறு ஆர்.டி.ஓ.வில் பதிவானது என்றால் மூன்று. உங்கள் கையெழுத்தும் அதில் வேண்டும்.

சான்றிதழிலும் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். 'முழுமையாகச் செலுத்தி முடிக்கப்பட்டது' என்றிருந்தால் நல்லது. 'செட்டில்டு' என்று இருந்தால், வங்கி பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முடித்ததாக அர்த்தம். கிரெடிட் அறிக்கையிலும் அப்படியே ஏறும். தவணை முழுதும் கட்டியவர் அந்த வார்த்தையை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை, திருத்தித் தரச் சொல்லலாம்.

என்.ஓ.சி.யில் எதைச் சரிபார்ப்பது? எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது.

பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும். ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பதிவு எண், சேசிஸ் எண், இன்ஜின் எண், உங்கள் பெயரின் இனிஷியல், எல்லாம்.

என்னிடம் வந்த ஒரு இருசக்கர வாகன என்.ஓ.சி.யைச் சொல்கிறேன். பதிவு எண் சரி, பெயர் சரி. சேசிஸ் எண்ணில் மட்டும், ஆர்.சி.யில் 8 இருந்த இடத்தில் B என்ற ஆங்கில எழுத்து. கடன் கொடுத்த நாளில் யாரோ தவறாகத் தட்டியது, கடன் ஓடிய வருடங்கள் முழுக்க வங்கிப் பதிவில் தூங்கிக்கொண்டிருந்து, கடைசியில் என்.ஓ.சி.யில் எழுந்து வந்தது. ஆர்.டி.ஓ.வில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேனாவால் திருத்தி எடுத்துப் போகலாமா என்று கேட்டார் வண்டிக்காரர். கூடவே கூடாது. வங்கி தன் பதிவைத் திருத்திப் புதிதாக அச்சிட்டுத் தர வேண்டும். அவருக்கு அப்படித்தான் முடிந்தது.

ஒரு சின்ன உபாயம்: 17 இலக்க சேசிஸ் எண்ணில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது. ஓ போல ஒன்று தெரிந்தால் அது பூஜ்யம்தான். எழுத்தாக அடித்திருந்தால் தவறு.

என்.ஓ.சி. வாங்கி நாலு மாதமாக பீரோவில் இருக்கிறது. செல்லுமா?

கடிதத்தின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். பல வங்கிகள் 90 நாள் என்று அச்சிட்டிருக்கும். கெடு கடந்திருந்தால் வங்கியில் புதிய தேதியிட்ட கடிதம் கேளுங்கள். கடன் மறுபடி உயிர்த்துவிடாது, அலைச்சல்தான் கூடும்.

ஆர்.டி.ஓ.வில் கொடுத்தாகிவிட்டது. நீங்கிவிட்டதை எப்படி உறுதி செய்வது?

விண்ணப்ப ரசீதை வைத்து நம்பிவிடாதீர்கள். parivahan.gov.in தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு, ஒப்புதல் ஆகிவிட்டதா, இன்னும் பரிசீலனையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்புதல் ஆனபின் DigiLocker-இல் ஆர்.சி.யைப் புதுப்பித்து எடுங்கள். முன்பு எடுத்து வைத்த பழைய பிரதியைத் திறந்து பார்த்து, 'இன்னும் வங்கிப் பெயர் இருக்கிறதே' என்று பதறுபவர்கள் உண்டு. நிதி நிறுவனம் என்ற இடத்தில் வங்கியின் பெயர் இருக்கக்கூடாது.

கையிலிருக்கும் பழைய அட்டை தானாக மாறாது. புதிய ஆர்.சி. வந்ததும் அதிலும் அதே இடத்தைப் பாருங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் தேடுவது அந்த வரியைத்தான். அது இருந்தால், நிதி நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதமில்லாமல் பெயர் மாற்றம் நடக்காது.

கடன் கொடுத்த வங்கி வேறு வங்கியோடு இணைந்துவிட்டது. ஆர்.சி.யில் பழைய பெயர், என்.ஓ.சி.யில் புதிய பெயர்.

என்.ஓ.சி.யிலேயே 'முன்னாள் இன்ன வங்கி' என்று குறிப்பிட்டுத் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் இணைப்பு பற்றிய கடிதம் ஒன்றைத் தனியாக வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள்.

இன்சூரன்ஸிலும் மாற்ற வேண்டுமா?

ஆமாம், பலர் மறப்பது இதைத்தான். பாலிசியில் வங்கிப் பெயர் இருக்கும்வரை, வண்டி முழுச்சேதமானாலோ திருடு போனாலோ இழப்பீடு வங்கியின் பெயருக்குத்தான் முதலில் போகும். என்.ஓ.சி. நகலையும் புதிய ஆர்.சி. நகலையும் அனுப்பி, வங்கிப் பெயரை நீக்கும் எண்டார்ஸ்மென்ட் கேளுங்கள். அப்புறம் அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது பழைய பெயர் மறுபடி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.