காபி கொட்டிவிட்டது, நாய் நக்கிவிட்டது. கொஞ்சம்தான். பயப்பட வேண்டுமா, என்ன செய்வது?

கொட்டியது என்ன என்பதைப் பொறுத்தது. டம்ளரில் இருந்த பால் காபியை ஒரு பத்து கிலோ நாய் நாலு நக்கு நக்கியிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. காபித்தூள், கெட்டி டிகாக்‌ஷன், பில்டர் சக்கை, இன்ஸ்டன்ட் பொடி, இதில் எதுவாக இருந்தாலும் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் டாக்டருக்குப் போன் போடுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது இரண்டாவது வகை. புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறோம், எட்டு கிலோ ஸ்பிட்ஸ் ஒன்று வளர்க்கிறோம். அண்ணி சாயங்காலம் பில்டரில் தூள் போட்டு வெந்நீர் ஊற்றிய கையோடு பில்டர் மேடையிலிருந்து உருண்டுவிட்டது. துடைக்கத் துணி எடுத்து வருவதற்குள் நாய் ஈரத்தூளை வழித்துத் தின்றுவிட்டது. மூக்கு, மீசை முடி, முன்னங்கால் எல்லாம் ஒரே பழுப்பு. கண்ணில் நல்ல தெளிவு, வாலும் ஆடுகிறது. பார்க்கிற யாருக்கும் "நல்லாத்தானே இருக்கு" என்றுதான் தோன்றும். ஆனால் காபியில் இருக்கும் காபின் வேலையைக் காட்ட அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகும், அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கிற நேரம்.

உடனே செய்தது இவ்வளவுதான். நாயை வேறு அறையில் விட்டோம், வாயையும் காலையும் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தோம், இல்லாவிட்டால் முடியில் ஒட்டியதையும் அது நக்கித் தீர்த்துவிடும். சூடாக மேலே கொட்டியிருந்தால் அந்த இடத்தில் சாதாரண தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஐஸ் வேண்டாம். மணி பார்த்துக் குறித்துக்கொண்டு, தூள் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

கிளம்பினோம் என்று சுலபமாக எழுதிவிட்டேன். நாயைப் பார்த்ததும் ஆட்டோக்காரர் ஒருவர் போயேவிட்டார், அடுத்தவர் கேட்ட தொகை வழக்கமாகக் கொடுப்பதைப் போல மூன்று மடங்கு. இந்த ஊரில் ஆட்டோவுக்கு மீட்டர் போட்டுப் போகிற நாள் வருமா என்று தெரியவில்லை. அவசரத்தில் நிற்பவனிடம் பேரம் பேசுவது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். சரி, அது வேறு கதை.

டாக்டர் முதலில் கேட்டது பாக்கெட்டைத்தான். காபி 80, சிக்கரி 20 என்று போட்டிருந்தது. சிக்கரியில் காபின் கிடையாது. போட்ட தூள் முப்பது கிராம் என்றால் காபி இருபத்துநாலு கிராம், கிராமுக்குச் சுமார் 15 மில்லிகிராம் காபின் என்று வைத்தால் 360. எட்டால் வகுத்தால் கிலோவுக்கு 45. இருபதைத் தொட்டாலே வாந்தி, நிலைகொள்ளாத ஓட்டம் வரலாம், நாற்பது ஐம்பதில் இதயத் துடிப்பு கெடும், அறுபதில் வலிப்பு என்று சொன்னார். எவ்வளவு தின்றது என்று உறுதியாகத் தெரியாதபோது முழுவதையும் தின்றதாகவே கணக்குப் போட வேண்டுமாம்.

நடுக்கம் தொடங்கும் முன்பே போனதால் வாந்தி எடுக்க வைக்க ஊசி போட்டார், தூள் தூளாக வெளியே வந்தது. அப்புறம் கரி மருந்து, டிரிப். நடுக்கம் வந்த பிறகு வாந்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் உண்டு. காபினுக்கு முறிவு மருந்து என்று ஒன்று கிடையாது, உடம்பு அதைக் கழிக்கும் வரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். அப்படியும் ராத்திரி துடிப்பு 180க்குப் போனது, அதற்கு மருந்து கொடுத்தார். இடது முழங்கைக்குப் பின்னால் நெஞ்சில் கை வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கச் சொல்லிக்கொடுத்தார். அடிக்கடி சிறுநீர் கழிக்க வெளியே கூட்டிப்போகவும் சொன்னார், சிறுநீர்ப்பையில் தேங்கினால் காபின் திரும்ப ரத்தத்தில் ஏறுமாம். மறுநாள் மத்தியானம்தான் அது படுத்துத் தூங்கியது.

வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம், உப்பே நாய்க்குத் தனி விஷமாகிவிடும். பால், மோர் கொடுத்தாலும் காபின் முறியாது.

"எங்க நாய் தினமும் காபி குடிக்குது, ஒண்ணும் ஆகலையே" என்று கீழே ஒருவர் எழுதுவார் என்று தெரியும். 25 கிலோ நாய்க்கு ஒரு டம்ளர் பால் காபியில் கிடைப்பது கிலோவுக்கு மூன்று நாலு மில்லிகிராம்தான், அதனால் வெளியே தெரிவதில்லை. அதே வீட்டில் ரோஜாத் தொட்டிக்கு உரமென்று போடுகிற சக்கையில் மிச்சக் காபின் இருக்கிறது, அதை மூன்று கிலோ குட்டி ஒன்று தோண்டித் தின்றால் கணக்கே வேறு.