மகள் பிராண்ட் மேனேஜர் ஆக ஆசைப்படுகிறாள்: ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

வணக்கம் சார்.

சனிக்கிழமை மகளோடு வந்திருந்தபோது, "பிராண்ட் மேனேஜர் என்றால் விளம்பரம் எடுக்கிற வேலைதானே, அதற்கு எதற்கு இரண்டு வருஷம் எம்பிஏ?" என்று கேட்டீர்கள். வெளியே அடுத்த பெற்றோர் காத்திருந்ததால் அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. இதை மகளும் படிக்கட்டும்.

விளம்பரம் எடுப்பது ஏஜென்சியின் வேலை. அவர்களிடம் போவதற்கு முன்பே பிராண்ட் மேனேஜர் ஒரு கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும்: இந்தப் பொருள் யாருக்கு, அவர்கள் எதற்காக இதை வாங்குகிறார்கள்? பல இடங்களில் இதற்குக் கிடைக்கும் விடை, "25 முதல் 40 வயது, நகரவாசி, நடுத்தர வருமானம்" என்பதுதான். உங்கள் தெருவிலேயே அப்படி நிறையப் பேர் இருப்பார்கள். ஒரு வீட்டில் வாங்குகிறார்கள், பக்கத்து வீட்டில் வாங்குவதில்லை. ஏன் என்பதை வயதும் வருமானமும் சொல்லாது.

அந்த 'ஏன்' என்பதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. 'ஜாப்ஸ் டு பி டன்' என்பார்கள். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பேராசிரியராக இருந்த கிளேட்டன் கிறிஸ்டென்சன் இதைப் பரவலாக்கியவர். இதற்கான பேட்டி முறையை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் பாப் மோஸ்டா. சாரம் எளிமையானது. ஒருவருடைய வாழ்க்கையில் ஏதோ ஒரு காரியம் நகராமல் நிற்கிறது. அதை நகர்த்துவதற்கு அவர் ஒரு பொருளை வேலைக்கு வைத்துக்கொள்கிறார். அது ஒழுங்காகச் செய்யாவிட்டால் நிறுத்திவிட்டு வேறொன்றை வைத்துக்கொள்கிறார். என்ன வேலைக்கு வைத்தார் என்று தெரிந்துவிட்டால், பிராண்ட் யாருக்கானது என்பது தானாகத் தெளியும்.

வீட்டில் இப்போது கல்லூரிப் பேச்சுதான் ஓடுகிறது என்றீர்கள். சரி, ஒரு கல்லூரிக் கதையே சொல்கிறேன்.

அமெரிக்காவில் சதர்ன் நியூ ஹாம்ப்ஷயர் யுனிவர்சிட்டி என்று ஒன்று உண்டு. 2003இல் பால் லெப்ளாங்க் தலைவராக வந்தபோது அது அதிகம் பேருக்குத் தெரியாத சிறிய பல்கலைக்கழகம். பள்ளி முடித்த 18 வயதுப் பிள்ளைகளைப் பிடிக்க மற்ற கல்லூரிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. விளம்பரம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது, அதனால் யாரையும் குறிப்பாகத் தொடவில்லை. வளாகத்தின் ஒரு மூலையில் ஆன்லைன் பிரிவு ஒன்றும் பத்து வருடமாகச் சோம்பலாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கென்று பணமோ ஆளோ பெரிதாக ஒதுக்கவில்லை. ஆனாலும் மாணவர்கள் அதில் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள்.

யார் இவர்கள்? சராசரி வயது 30. வேலை, குழந்தை எல்லாம் ஆன பிறகு, பாதியில் விட்ட பட்டத்தை முடிக்க வந்தவர்கள். பலருக்குப் பழைய கல்விக் கடனே இன்னும் மிச்சம். பாடத்திட்டத்தைப் பார்த்தால் 18 வயதுப் பிள்ளைக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே தெரியாது. இருவரும் அக்கவுண்டன்சிதான் படிப்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளை கல்லூரியை வைத்துக்கொள்வது பெரியவனாக வளர்வதற்கு: விடுதி, நண்பர்கள், விளையாட்டு, வீட்டை விட்டு முதன்முதலாக வெளியே இருப்பது. முப்பது வயதுக்காரருக்கு அது ஒன்றும் வேண்டாம். அவருக்கு வேண்டியது நான்கு: தன் நேரத்துக்குப் படிக்கும் வசதி, கேட்டால் பதில் சொல்ல ஆள், வேலைச் சந்தையில் மதிக்கப்படும் பட்டம், சீக்கிரம் முடிவது.

இந்தக் கண்ணோடு பார்த்ததும் போட்டியாளர் யார் என்பதே மாறிவிட்டது. முன்பு ஊரிலுள்ள மற்ற கல்லூரிகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆன்லைன் மாணவர் அந்தக் கல்லூரிகளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாடு முழுக்க இருக்கும் மற்ற ஆன்லைன் படிப்புகள்தான் போட்டி. அதைவிடப் பெரிய போட்டி, "இந்த வயசுல எதுக்கு, விட்டுடலாம்" என்ற எண்ணம். எதுவுமே செய்யாமல் இருப்பதுதான் அவர் ஏற்கனவே வேலைக்கு வைத்திருந்த பொருள். அதை அவர் நிறுத்த வேண்டும், அப்போதுதான் இவர்களுக்கு இடம்.

அடுத்து நடந்ததைத்தான் மகள் கவனமாகப் படிக்க வேண்டும். நிதியுதவி கிடைக்குமா என்று ஒருவர் ஆன்லைனில் கேட்டால், பழைய வழக்கப்படி ஒரு பொதுவான பதில் சாவகாசமாகப் போகும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அதனால் நஷ்டமில்லை. அப்பா அம்மா கூட இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள். முப்பது வயதுக்காரர் எப்போது கேட்கிறார்? நாள் முழுக்க வேலை செய்து, குழந்தைகளைத் தூங்கவைத்த பிறகு, ராத்திரியில் உட்கார்ந்து கேட்கிறார். துணிச்சல் அப்போதுதான் வருகிறது. மறுநாள் வரும் கடிதம் அதற்குள் ஆறிப்போன மனசுக்கு வருகிறது. ஆகவே கேள்வி வந்த பத்து நிமிடத்துக்குள் தொலைபேசியில் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்று வைத்தார்கள். சேர்ந்தவருக்கு ஒரு ஆலோசகரை ஒதுக்கினார்கள். அவர் தொடர்ந்து பேசிக்கொண்டிருப்பார், மாணவர் பின்தங்குவது தெரிந்தால் முன்கூட்டியே கூப்பிடுவார்.

விளம்பரம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பட்டமளிப்பு விழாவுக்கு வர முடியாத மாணவர்களின் வீட்டுக்கே பஸ்ஸில் போய்ப் பட்டத்தைக் கொடுப்பது போல ஒரு டிவி விளம்பரம் எடுத்தார்கள். யாருக்காகப் படித்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஒரு அப்பா தொண்டை அடைக்கத் தன் சின்னப் பையனைப் பார்த்து, உனக்காகத்தான் என்கிறார். வளாகத்தின் புல்வெளியைக் காட்டும் விளம்பரம் இவரிடம் எதைச் சொல்லியிருக்கும்? இன்று அங்கே லட்சத்துக்கும் அதிகமானவர்கள் ஆன்லைனில் படிக்கிறார்கள்.

சரி, அந்த 'வேலையை' எப்படிக் கண்டுபிடிப்பது? "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் எல்லோரும் நல்ல பதிலாகச் சொல்வார்கள், அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அண்மையில் வாங்கிய ஒருவரைப் பிடித்து, வாங்கிய கதையைப் பின்னோக்கிக் கேட்க வேண்டும். அன்று பேச்சுவாக்கில் உங்களிடமே நான் அதைச் செய்து பார்த்தேன், நினைவிருக்கிறதா? ஸ்கூட்டர் ஏன் வாங்கினீர்கள் என்றதும் "மைலேஜ்" என்றீர்கள். ஆனால் பழைய பைக் அதைவிட அதிக மைலேஜ் கொடுத்தது என்று நீங்களே சொன்னீர்கள். வாங்க வேண்டும் என்று முதன்முதலில் எந்த நாளில் தோன்றியது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் பைக்கிலிருந்து இறங்கும்போது உங்கள் மனைவிக்குக் கால் வழுக்கியதைச் சொன்னீர்கள். முட்டி வலிக்காரர். அதன் பிறகு பின்னால் உட்காரவே பயந்து, வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

இந்தப் பேச்சில் நான்கு விசைகள் இருந்தன. அந்த வழுக்கல் உங்களைப் பழையதிலிருந்து தள்ளியது. தாழ்வான இருக்கையும் கால் வைக்கச் சமதளமும் புதியதை நோக்கி இழுத்தன. பன்னிரண்டு வருஷம் ஓட்டிய பைக்கின் பழக்கம் பிடித்து வைத்தது. சின்னச் சக்கரம் நம் ரோட்டுப் பள்ளத்தில் தாங்குமா, "லேடீஸ் வண்டி" என்று ஆபீசில் சிரிப்பார்களா என்ற கவலை தயங்க வைத்தது. முதல் இரண்டும் பின் இரண்டை ஜெயித்த அன்றுதான் நீங்கள் ஷோரூமுக்குப் போனீர்கள். அந்தக் கம்பெனியின் பட்டியலில் நீங்கள் 52 வயது ஆண், அரசு ஊழியர். ஆனால் வண்டிக்கு நீங்கள் கொடுத்த வேலை, மனைவி பயமில்லாமல் மறுபடி உங்களோடு வெளியே வருவது. அதே வேலைக்கு ஆட்டோவும் வந்து நின்றிருக்கும்.

மகள் இந்த விடுமுறையில் இதைத்தான் செய்து பழக வேண்டும். கடந்த ஆறு மாதத்தில் ஒரே வகைப் பொருளை வாங்கிய பத்துப் பேர் போதும். வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தவர்களை எடுத்தால், மேலே சொன்ன கதையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆளுக்கு முக்கால் மணி நேரம். எந்த நாள், யார் கூட இருந்தார்கள், அதற்கு முன் என்னென்ன முயன்றார்கள், எதைப் பார்த்துத் தயங்கினார்கள் என்று கேட்கட்டும். "எப்பவும்", "பொதுவா" என்ற சொற்களில் பதில் வந்தால் ஆள் கதையை விட்டு அபிப்பிராயத்துக்குப் போய்விட்டார் என்று பொருள். மெதுவாக அந்த நாளுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

பிறகு ஒரே வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்: எந்தச் சூழ்நிலையில் இருப்பவர், எதை விட்டுவிட்டு, எந்த முன்னேற்றத்துக்காக இதை வைத்துக்கொள்கிறார். இங்கே மாணவர்கள் வழுக்கும் இடம் இரண்டு. "மகிழ்ச்சிக்காக வாங்குகிறார்கள்" என்று எழுதினால் அது லட்டுக்கும் பொருந்தும், லாப்டாப்புக்கும் பொருந்தும். "110 சிசி ஸ்கூட்டர் தேவை" என்று எழுதினால் பொருளையே வேலை என்று எழுதிவிட்டாள். நான் வைக்கும் சோதனை எளிது. ஸ்கூட்டருக்கு ஆட்டோ வந்தது போல, வேறு வகைப் பொருள் ஒன்று அதே வாக்கியத்தில் போட்டியாக வந்து நிற்க வேண்டும். யாருக்கு இது பொருந்தாது என்பதும் தெரிய வேண்டும். கம்பெனிகள் தயங்குவது இந்த இரண்டாவதில்தான். ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்தால், வேறு வேலைக்காக வருகிறவர்களில் சிலரை இழக்க நேரும்.

இந்த முறைக்கு எல்லை உண்டு, அதையும் மகள் தெரிந்துகொள்ளட்டும். பத்துப் பேட்டி என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று காட்டும், ஒவ்வொன்றும் எத்தனை பேருக்கு என்று காட்டாது. எண்ணிக்கை வேண்டுமானால் பெரிய சர்வே தனியாக எடுக்க வேண்டும். அப்புறம், உப்பு மாதிரி யோசிக்காமல் கை நீட்டி எடுக்கும் பொருளுக்கு இப்படிப் பேட்டி எடுத்தால் சொல்ல ஒரு கதையே இருக்காது.

எம்பிஏ எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். வழி வழக்கமானதுதான்: கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்பிஏ, அல்லது மைகேட் தேர்வு எழுதி அகமதாபாத்தில் இருக்கும் மைக்கா என்ற மார்க்கெட்டிங் கல்வி நிறுவனம். நுகர்பொருள் கம்பெனியில் சேர்ந்தால் ஆரம்பத்தில் பெரும்பாலும் சேல்ஸில்தான் போடுவார்கள். டிஸ்ட்ரிபியூட்டரோடு கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். அந்தக் கட்டத்தில் நீங்கள் பதறி அவளைத் திரும்பக் கூப்பிட்டுவிடாதீர்கள். வாங்குகிறவர் தயங்கி நிற்பதைக் கண்ணால் பார்க்கும் இடம் கடைதான். மார்க்கெட் ரிசர்ச் நிறுவனங்களிலும் இதே பேட்டித் திறமைக்கு வேலை உண்டு. இன்டர்வியூவில் பத்துப் பேட்டிக் குறிப்புகளோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தால், பேசுவதற்கு அவளிடம் சொந்த விஷயம் இருக்கும்.

முதல் பேட்டியை அவள் வீட்டிலேயே எடுக்கட்டும், உங்கள் மனைவியிடம். ஸ்கூட்டர் கதையை நீங்கள் சொன்ன மாதிரி அவர் சொல்ல மாட்டார். அவருக்கு அது அந்த வெள்ளிக்கிழமைக்கு வெகு முன்னாலேயே தொடங்கியிருக்கலாம். பேட்டி நடக்கும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம் சார்.