ஆய்தம்: ‘அஃதொருவன்’ ஏன் இடறுகிறது?

வெள்ளவத்தை, உயர்தர மாணவி: “226ஆம் குறளை அலகிட்டால் ‘அஃதொருவன்’ இடத்தில் தளை தட்டுது. பிழை என்னிலா, குறளிலா?”

இருவரிலும் இல்லை. ஃ-ஐ நீங்கள் மெய்யாக எண்ணியிருப்பீர்கள். அடியைப் பாருங்கள்: அற்றார் அழிபசி தீர்த்தல் அஃதொருவன். ‘தீர்த்தல்’ நேர் நேர், அதாவது தேமா. வெண்பாவில் மாச்சீருக்குப் பின் நிரைதான் வரவேண்டும். ஃ-ஐ ஒற்றாக எடுத்தால் ‘அஃ’ நேர் ஆகிவிடும், தளை கெடும். அதைக் குற்றெழுத்துப் போல எண்ணினால் ‘அஃ’ இரு குறிலுக்குச் சமமாகி நிரை ஆகும். அஃ, தொரு, வன் என்று நிரை நிரை நேர், கருவிளங்காய். அடுத்த அடி ‘பெற்றான்’ என நேரில் தொடங்குகிறது. காய்முன் நேர், தளை சரி.

எப்போதும் இப்படியே என்று எடுத்துவிடாதீர்கள். 49ஆம் குறளில் ‘இல்வாழ்க்கை அஃதும்’ வருகிறது. ‘இல்வாழ்க்கை’ காய்ச்சீர், அதன்பின் நேர் வேண்டும். அங்கே ‘அஃ’ ஒற்றடுத்த குறிலாக நின்று நேர் ஆகிறது. ஒரே சொல், இரண்டு அலகு. முன்சீரைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். மா என்றால் ஃ உயிர்போல், விளமோ காயோ என்றால் மெய்போல். 414இல் ‘கேட்க அஃதொருவற்கு’ உண்டு, அதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பம்பலப்பிட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: “ஆய்தம் அரை மாத்திரை என்று படிப்பித்தவன் நான். அரை மாத்திரை என்றால் அது மெய்தான். உயிர்போல் அலகு பெறும் என்பது தளையைக் காப்பாற்றச் சொல்லும் சமாதானம் இல்லையா?”

அரை மாத்திரை சரி, ஐயா. ‘கஃறீது’, ‘முஃடீது’ போன்றவற்றில் அது இன்னும் குறுகிக் கால் மாத்திரையே பெறும். ஆனால் மாத்திரை ஒலியின் நீளம், அலகு பாட்டின் கணக்கு. ஆய்தம் உயிரும் இல்லை, மெய்யும் இல்லை. தொல்காப்பியம் அதை முப்பது எழுத்துக்குள் சேர்க்காமல் குற்றியலிகரம், குற்றியலுகரத்தோடு சார்ந்து வருவதாக வைத்தது. இரண்டுக்கும் நடுவே நிற்பதை யாப்பு இரண்டு விதமாகவும் எண்ணியிருக்கிறது. 226ஐ வேறு எப்படியும் வெண்டளையில் நிறுத்த முடியாது.

அதே ஆசிரியர்: “அப்படியென்றால் ஒலி என்ன? வடமொழி விசர்க்கம்தானே? கணினியிலும் அதன் பெயர் அப்படித்தான்.”

யூனிகோடில் U+0B83இன் பெயர் TAMIL SIGN VISARGA என்பது உண்மை. பெயர் அப்படி வைத்ததால் ஒலி அப்படி ஆகிவிடாது. விசர்க்கம் சொல்லின் கடைசியிலும் நிற்கும். ஆய்தம் பழஞ்சொல்லில் குறிலுக்குப் பின், வல்லின உயிர்மெய்க்கு முன் மட்டும்: எஃகு, கஃசு, பஃறி. கல் + தீது ‘கற்றீது’ என்றும் வரும், ‘கஃறீது’ என்றும் வரும். முள் + தீது ‘முஃடீது’ ஆகும். ல், ள் இருந்த இடத்தை ஃ பிடிக்கிறது. இதனால், பின்வரும் வல்லெழுத்தின் இடத்திலேயே தடை தளர்ந்து உரசிய ஒலி அது என்று நான் கருதுகிறேன். நன்னூல் பிறப்பிடத்தைத் தலை என்கிறது, அது என் கருத்துக்கு எளிதில் ஒத்துவராது. நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரியும், ஐயா. இதில் முடிந்த முடிபு இல்லை.

மருதானை: “அப்ப வாசிக்கும்போது ‘அக்து’ என்றா, ‘அஹ்து’ என்றா?”

‘அக்து’ வேண்டாம், அது முழுத் தடை. மெல்லிய மூச்சோடு ‘அஹ்து’ என்பது கிட்ட வரும்.

தெகிவளை, அலுவலகத்தில் கடிதம் எழுதுபவர்: “அஃது மரியாதையான வடிவம் என்பதால் எல்லா இடத்திலும் அதையே போடுகிறேன்.”

மரியாதைக்கும் அதற்கும் தொடர்பில்லை. உயிர் தொடர்ந்தால் ‘அஃது இல்லை’. மெய் தொடர்ந்தால் ஆய்தம் கெடும்: ‘அது கிடைத்தது’. ‘அஃது கிடைத்தது’ என்று எழுதினால் பழைய நடையும் இல்லை, இன்றைய நடையும் இல்லை.

கொட்டாஞ்சேனை, அச்சுக்கூடம்: “பனரில் ‘ஆயுத எழுத்து’ அடித்தால் சில எழுத்துருவில் வேறு மாதிரி வருது.”

ஆய்தம், ஆயுதம் இல்லை. ஆய்தல் என்றால் நுணுகுதல். உங்கள் கோப்பில் ஃ-க்குப் பதில் ∴ என்ற கணிதக் குறி இருக்கக்கூடும். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், தேடினால் அகப்படாது. அந்த எழுத்தை அழித்துவிட்டுத் தமிழ் விசைப்பலகையில் மீண்டும் அடியுங்கள்.

மருதானை, இன்னொருவர்: “மகளின் பெயர் ஃபாத்திமாவா, பாத்திமாவா?”

பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள், மாற்ற வேண்டுமானால் பதிவாளரிடம் கேளுங்கள். எழுத்தைப் பற்றிச் சொல்வதானால், இங்கே ஃ ஆய்தமாக வேலை செய்யவில்லை. முன்னே குறில் கிடையாது. ப-வின் ஒலியை மாற்றும் அடையாளம் மட்டும். ‘பஃறுளி’யின் ஃ-ஓடு இதைக் குழப்பாதீர்கள்.

கிருலப்பனை: “போன், ஃபோன், எது சரி?”

மேலே சொன்னதேதான். நம் ஊரில் ‘போன்’, ‘கோப்பி’ என்று எழுதினால் யாருக்கும் விளங்காமல் போவதில்லை. ஃ போடுவதென்றால் ப-வுக்கு முன் போடுங்கள், பின் அல்ல.

வத்தளை: “ஃபேஸ்புக்குக்கு ஆய்தம் வேணுமா?”

மேலே பாருங்கள்.

வெள்ளவத்தை மாணவி: “414 போட்டேன். ‘கேட்க’ தேமா, அஃதொருவற்கு நிரையில் தொடங்கணும். ஆனா கடைசியில ‘வற்கு’ சேர்ந்து சீர் எனக்கு நாலு அசையாகுது.”

அடுத்த அடி ‘ஒற்கத்தின்’ என உயிரில் தொடங்குகிறது. குற்றியலுகரம் கெட்டு ‘அஃதொருவற் கொற்கத்தின்’ என்று சேரும். அஃ, தொரு, வற், மூன்று அசைதான். ‘கொற்’ நேர், தளை நின்றுவிட்டது.