டயட் சோடா டின்னில் இருக்கும் அந்த எச்சரிக்கை யாருக்கு?

மட்டக்களப்பில் பார்மசி கவுண்டரில் நின்றே 20 வருடத்துக்கு மேல் போய்விட்டது. டயட் பானங்களைப் பற்றி ஒருவருக்குச் சொன்ன பதில் வாய்வழியாகப் பரவி, இப்போது ஆளுக்கொரு கேள்வியோடு வருகிறார்கள். வந்ததை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கல்லடியிலிருந்து ஒரு தம்பி: அக்கா, ஜிம்முக்குப் போறதால சீனி இல்லாத சோடாதான் குடிக்கிறன், நாளைக்கு ரெண்டு டின். நேற்றுத்தான் பின்பக்கம் பார்த்தன். பீனைல்கீற்றோனூரியா உள்ளவர்களுக்கு என்று எச்சரிக்கை போட்டிருக்கு. ஆபத்தான சாமான் எண்டா ஏன் விக்கிறாங்க?

அந்த வரி உங்களுக்கு எழுதியதில்லை, தம்பி. சீனிக்குப் பதிலாக உங்கள் சோடாவை இனிக்கச் செய்யும் அஸ்பார்டேம் என்பது இரண்டு அமினோ அமிலங்கள் கைகோத்து நிற்கும் ஒரு சின்னப் புரதத் துண்டு. சீனியைவிட ஏறத்தாழ 200 மடங்கு இனிப்பு, அதனால் ஒரு டின்னுக்கு 200, 300 மில்லிகிராம் போட்டாலே போதும். குடலுக்குள் போனதும் அது பிரிந்துவிடும். பிரிந்து வருவதில் பாதிக்கு மேல் பீனைலலனீன் என்ற அமினோ அமிலம். இது நஞ்சு இல்லை. மீன், முட்டை, பருப்பு, பால் எல்லாவற்றிலும் இருப்பதுதான். நீங்கள் மத்தியானம் சாப்பிடும் 100 கிராம் மீனில் சுமார் 800 மில்லிகிராம் இருக்கும். ஒரு டின் சோடாவில் வருவது 140 அளவுதான்.

அப்படியென்றால் மீனுக்கு இல்லாத எச்சரிக்கை சோடாவுக்கு ஏன் என்று கேட்பீர்கள். பீனைலலனீனை உடைக்கும் நொதியம் ஈரலில் வேலை செய்யாமல் பிறக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு அது இரத்தத்தில் தேங்கி மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இதுதான் பீனைல்கீற்றோனூரியா, சுருக்கமாகப் பீகேயூ. அந்தப் பிள்ளையின் தாய்க்கு மீனிலும் முட்டையிலும் புரதம் இருப்பது தெரியும், கொடுக்க மாட்டா. இனிப்புத் தண்ணீருக்குள் அது ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அதைச் சொல்லத்தான் அந்த வரி.

அளவைப் பொறுத்தவரை, உணவுச் சேர்மானங்களை ஆராயும் உலக சுகாதார ஸ்தாபனக் கூட்டுக்குழு வைத்திருக்கும் எல்லை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம். நீங்கள் 60 கிலோ என்றால் 2,400. இரண்டு டின்னில் கூடினால் 600. ஆனால் 15 கிலோ தம்பி, தங்கச்சி வீட்டில் இருந்தால் அவர்களுக்கு எல்லை 600தான். நீங்கள் குடிக்கும் அதே இரண்டு டின் அவர்களை எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

சம்மாந்துறையிலிருந்து ஒருவர்: தங்கச்சி, எனக்கு 12 வருஷமா சீனி வருத்தம். போன மாதம் சலம் சோதிச்ச றிப்போட்டில கீற்றோன் ஒரு பிளஸ் என்று வந்தது. அப்ப எனக்கும் அந்த வருத்தம் இருக்கா? டயட் சோடாவை விடவா?

இல்லை காக்கா, பெயர் ஒத்துப்போவதால் வந்த குழப்பம் இது. உங்கள் சலத்தில் வந்த கீற்றோன், உடம்பு சீனியை எரிக்க முடியாமல் கொழுப்பை எரித்ததால் வந்தது. பீனைல்கீற்றோனூரியாவில் வருவது வேறு கீற்றோன், பீனைலலனீன் தேங்கி வழிவதால் வருவது. 1934இல் நோர்வேயில் ஒரு தாய், மூளை வளர்ச்சி குன்றிய தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஏன் இவர்களில் ஒரு விசித்திர வாடை வீசுகிறது என்று கேட்டு அலைந்தா. அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற டொக்டர் அவர்களுடைய சலத்தில் பெரிக் குளோரைட்டு விட்டபோது அது பச்சையானது. சலரோகக்காரரின் சலத்துக்கு வராத அந்தப் பச்சையைத் துரத்திப் போய்த்தான் இந்த வருத்தத்தைப் பிடித்தார். அது பிறப்பிலேயே வருவது, வயது போய்த் தொற்றுவதில்லை.

சோடா ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ஒரு பிளஸ்தான் எனக்கு யோசனை. நோன்பு நாளிலோ சாப்பிடாமல் இருந்தபோதோ எடுத்த சோதனையா? அப்படியென்றால் விளக்கம் இருக்கலாம். இல்லையென்றால், அதுவும் சத்தியோ வயிற்று நோவோ சேர்ந்தால், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: அஸ்பார்டேம் வயிற்றில் மெதனோலாக மாறுகிறது என்பது இரசாயனம் படித்த எவருக்கும் தெரியும். கசிப்பில் கண் போவது அதே மெதனோலால்தான். போதாததற்கு உலக சுகாதார ஸ்தாபனமே புற்றுநோய் என்று அறிவித்துவிட்டது. நீங்கள் ஏன் மறைக்கிறீர்கள்?

மெதனோல் வருவது உண்மைதான் சேர், எடையில் பத்தில் ஒரு பங்கு. 250 மில்லிகிராம் அஸ்பார்டேமில் 25 மில்லிகிராம் மெதனோல். கண்ணைப் பறிக்க 10 மில்லிலீற்றர் போதும் என்பார்கள். கணக்குப் போட்டால் 300 டின்னுக்கு மேல் ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். ஒரு கிளாஸ் தக்காளிச் சாற்றிலிருந்து இதைவிடக் கூடுதலாகவே மெதனோல் வரும், நாங்கள் அதைப் பிள்ளைக்குச் சத்தென்று கொடுக்கிறோம்.

புற்றுநோய் விஷயம் பாதி சரி. 2023 ஜூலையில் அந்த ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அஸ்பார்டேமை ‘2பி’ பிரிவில் போட்டது, அதாவது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்பதற்கு மட்டுப்பட்ட சான்று உண்டு என்று. அவர்கள் பார்த்தது ஈரல் புற்றுநோய் பற்றிய சில ஆய்வுகளை. அதே நாளில் நான் மேலே சொன்ன கூட்டுக்குழு, எல்லையை மாற்றக் காரணம் இல்லை என்று 40ஐ அப்படியே வைத்தது. ஒரு குழு கேட்பது இது தீங்கு செய்யக்கூடிய சாமானா என்று. மற்றது கேட்பது எவ்வளவு தின்றால் என்று. டயட் சோடா குடிப்பவர்களில் பலர் ஏற்கனவே பருத்தவர்கள், சலரோகக்காரர். ஈரல் கெட்டது சோடாவாலா அந்த உடம்பாலா என்று அந்த ஆய்வுகளால் தெளிவாகப் பிரிக்க முடியவில்லை. இதில் கடைசி வார்த்தை இன்னும் சொல்லப்படவில்லை என்பதை நான் மறைக்கவில்லை, சேர்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு அக்கா: என்ட தங்கச்சி மாமாங்கத் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வாறா. அவட ஆறு வயது மகளுக்கு நீங்க சொல்ற பீகேயூ. நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல ஆகாதாம். டயட் சோடா கண்ணிலயும் காட்ட வேணாம், சீனிச் சோடா எண்டாக் குடிக்கலாம் என்கிறா. மாறிச் சொல்றாவோ?

தங்கச்சி சரியாகத்தான் சொல்றா. உலகமே சீனிச் சோடாவைத் திட்டும்போது இந்தப் பிள்ளைக்கு அதுதான் பாதுகாப்பு. அவ சொன்ன 300 என்பது பீனைலலனீன் கணக்கு. ஒரு டயட் டின் அதில் 140ஐ விழுங்கிவிடும், கிட்டத்தட்ட பாதி. மிச்சத்துக்கு என்ன சாப்பிடுவாள்? 100 கிராம் வெள்ளைச் சோற்றிலேயே சுமார் 130 இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் 270, நாள் முடிந்துவிட்டது. அதனால்தான் அந்தப் பிள்ளைகள் பீனைலலனீன் நீக்கிய ஒரு மாவைக் கரைத்துக் குடித்துப் புரதத் தேவையைத் தீர்க்கிறார்கள். அந்த மா இங்கே கடையில் கிடைக்கும் என்று இருக்க வேண்டாம். இருக்கும் நாட்களுக்குக் கணக்குப் பார்த்து, ஒரு கிழமைக்கு உபரியும் சேர்த்து, கைப்பொதியில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மீன், முட்டை, பருப்பு, எருமைத் தயிர் எதுவும் ஆகாது. ‘பாவம் புள்ள, ஒரு வாய் தயிர்தானே’ என்று அம்மம்மா ஊட்டிவிடுவா, முதலில் அவவுக்குச் சொல்லிவையுங்கள். ஒரு நாள் கூடினால் பிள்ளை மயங்கி விழாது, அதுதான் இதில் உள்ள வில்லங்கம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் ஏறியிருப்பது தெரியும். நாட்கணக்காக ஏறினால் கவனம் சிதறும், எரிச்சல் படும்.

இன்னுமொன்று. ‘டயட்’ என்று எழுதாத சோடாவிலும் சீனியைக் குறைத்து இனிப்பூட்டி கலப்பது இப்போது வழக்கம். போத்தலில் இருக்கும் பச்சை வட்டம் சீனி குறைவு என்று மட்டும்தான் சொல்லும், இந்தப் பிள்ளைக்கு அது ஒன்றும் சொல்லாது. பின்பக்கத்தில் 951 அல்லது 962 என்ற இலக்கத்தைத் தேடுங்கள். இரண்டிலும் அஸ்பார்டேம் உண்டு. சீனியில்லாத சுவிங்கம்மையும் அப்படியே பாருங்கள்.

மருந்தையும் மறக்க வேண்டாம். இது நான் பிழைவிட்டுப் படித்தது. ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த தாய் ஒருவர் பிள்ளையின் காய்ச்சலுக்கு அன்ரிபயோட்டிக் துண்டு கொண்டுவந்தா. தூள் போத்தலைத் தட்டி, ஆறவைத்த தண்ணீரைக் கோடுவரை விட்டுக் குலுக்கிக் கொடுத்துவிட்டேன். அவ போகாமல் நின்று போத்தலைத் திருப்பி, போனில் படம் எடுத்துப் பெருப்பித்து வாசித்தா. எறும்பு எழுத்தில் அஸ்பார்டேம் என்று இருந்தது. கரைத்த மருந்தை ஊற்றிவிட்டு, டொக்டரோடு கதைத்து வேறொன்று கொடுத்தோம். அன்றிலிருந்து சிறுவர் தூள் மருந்து, சப்பும் வில்லை, தண்ணீரில் பொங்கும் விற்றமின் எதையும் கவுண்டரில் திருப்பிப் பார்க்காமல் நான் கொடுப்பதில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கச்சி: நான் மச்சானைத்தான் முடிச்சிருக்கன், இப்ப ஏழு மாதம். எங்க குடும்பத்தில ஒருத்தருக்கும் இந்த வருத்தம் இல்ல. நான் டயட் சோடா குடிச்சா புள்ளைக்கு வருமா?

குடிப்பதால் வராது. தாய் தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் கோளாறான மரபணு வந்தால் மட்டுமே பிள்ளைக்கு வரும். ஒரே ஒரு பிரதி இருப்பவருக்கு எந்த அறிகுறியும் இல்லை, அவர் டயட் சோடா குடித்தாலும் ஒன்றுமில்லை. அதனால்தான் ‘குடும்பத்தில் இல்லை’ என்பதை வைத்து முடிவெடுக்க ஏலாது. மச்சானை முடித்தால் ஒரே மூதாதையரிடமிருந்து அது இருவருக்கும் வந்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூட. பயப்படும் அளவுக்கு இல்லை, இது அரிய வருத்தம்.

பிள்ளை பிறந்ததும் குதியில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். எங்கள் நாட்டில் அது முக்கியமாகத் தைரொயிட்டுக்காக. பீகேயூவும் பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொள்ளாமல் நேரே கேளுங்கள்.

சோடா குடித்தால் கவலைப்பட வேண்டியவர் பீகேயூவோடு பிறந்து வளர்ந்து, இப்போது தாயாகப் போகும் பெண். அவவின் இரத்தத்தில் பீனைலலனீன் ஏறினால், வருத்தம் இல்லாத பிள்ளையின் தலையும் இதயமும்கூடப் பாதிக்கப்படும்.

கல்முனையில் கடை வைத்திருக்கும் ஒருவர்: வெயில்ல கிடந்த டயட் போத்தல் இனிப்பில்லை என்று திருப்பிக் கொண்டுவாறாங்க. நஞ்சாப் போச்சா?

நஞ்சாகவில்லை, இனிப்புத்தான் போய்விட்டது. சூட்டில் அஸ்பார்டேம் மெல்ல உடைந்துவிடும். அதனால்தான் பாயசம் காய்ச்சவும் அது உதவாது. ஆனால் பீனைலலனீன் போத்தலுக்குள்ளேயேதான் வேறு உருவில் கிடக்கிறது. இனிப்பில்லைத்தானே என்று ஆரையம்பதி அக்காவின் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மற்றப் பெட்டிகளை வாசலில் அடுக்காமல் உள்ளே வையுங்கள்.