ஒன்றரை என்ற கோட்டுக்கு மேலா, கீழா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் எங்கள் கிளப்பில் ஐரோப்பியக் கால்பந்து ஆட்டங்களுக்குக் காசு வைக்காத கணிப்புப் போட்டி நடத்துகிறோம். ஓர் ஆட்டத்தில் ஒரு ஸ்டிரைக்கர் கோலை நோக்கி அடிக்கும் ஷாட் 1.5க்கு மேல் போகுமா என்பதைச் சதவீதமாகச் சொல்ல வேண்டும். அவருடைய சராசரி 1.3. ஆனால் எதிரணி டிஃபென்ஸ் பலமானது. எப்படிக் கணக்கிடுவது?

பதில்: முதலில் எது எண்ணப்படுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கோலான ஷாட், கோல்கீப்பர் தடுக்காவிட்டால் கோலாகியிருக்கும் ஷாட், கோல்கீப்பரையும் தாண்டியபின் கடைசி ஆளாக நின்ற டிஃபெண்டர் தடுத்த ஷாட் ஆகியவை மட்டுமே சேரும். போஸ்டில் பட்டு வெளியே போனது சேராது. இடையில் நின்ற டிஃபெண்டரின் காலில் பட்டுத் தடைப்பட்டதும் சேராது. செவன்ஸ் கேலரியில் போஸ்டில் பட்ட அடிக்குத்தான் கைதட்டல் அதிகம் என்பதால், நம் ஊர்க் கண்ணுக்கு இந்த விதி சற்று அநியாயமாகவே தோன்றும்.

1.3 என்ற சராசரியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஷாட்களின் எண்ணிக்கை, துல்லியம் என்று இரண்டாகப் பிரியுங்கள். ஒரு கற்பனை ஆட்டக்காரரை வைத்துப் பார்ப்போம். அவர் 1,500 நிமிடங்களில் பெனால்டி தவிர்த்து 50 ஷாட் அடித்திருக்கிறார். அவற்றில் 22 கோலை நோக்கிச் சென்றவை. அதாவது 90 நிமிடத்துக்கு 3 ஷாட், துல்லியம் 44 சதவீதம். இவற்றுள் ஷாட் எண்ணிக்கையை ஓரளவு நம்பலாம், ஏனெனில் அது அவர் நிற்கும் இடத்தையும் அணி அவருக்குப் பந்து கொடுக்கும் முறையையும் பொறுத்தது. துல்லியமோ ஐம்பது ஷாட்களில் அதிர்ஷ்டத்தால் வெகுவாக ஏறி இறங்கும். பொதுவாக மூன்றில் ஒரு ஷாட்தான் கோலை நோக்கிச் செல்கிறது என்பதால், அந்த விகிதத்தில் இன்னும் 50 ஷாட்களைக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்: 22 உடன் 17 சேர்ந்து நூற்றுக்கு 39. இந்த 39 சதவீதத்தையே நான் எடுத்துக்கொள்வேன். எத்தனை ஷாட் சேர்ப்பது என்பது ஓர் அனுமானம்தான். ஆனால் எதையும் சேர்க்காமல் விடுவது அதைவிட மோசமான அனுமானம்.

அவர் வழக்கமாக 75ஆவது நிமிடத்தில் மாற்றப்படுகிறார் என்றால், எதிர்பார்க்கும் ஷாட் 3 அல்ல, 2.5.

பெரும்பாலோர் தவறுவது டிஃபென்ஸ் கணக்கில்தான். லீக்கில் ஓர் அணி சராசரியாக ஆட்டத்துக்கு 12.5 ஷாட் அடிக்க விடுகிறது, இந்த எதிரணியோ 10 மட்டுமே விடுகிறது என்று வைத்துக்கொண்டால் விகிதம் 0.8. கோலை நோக்கிய ஷாட்களையும் அந்த அணி அதே அளவு குறைவாகத்தான் விட்டிருக்கும். அதைக் கண்டு இன்னொரு 0.8ஆல் பெருக்கினால் ஒரே பலத்தை இருமுறை கழித்தவர்களாவோம். மேலும், சில ஆட்டங்களின் கணக்கில் அந்த அணி யாரை எதிர்த்து ஆடியது என்பதும் கலந்திருக்கிறது. ஆகவே 0.8ஐ ஒன்றை நோக்கிப் பாதி தூரம் இழுத்து 0.9 என்று கொள்வது நிதானமானது. 2.5ஐ 0.9ஆல் பெருக்கினால் 2.25, அதில் 39 சதவீதம் ஏறத்தாழ 0.88.

துல்லியத்தைத் தனியாகக் குறைக்க வேண்டிய சூழல் ஒன்று உண்டு. பெனால்டி பகுதிக்குள்ளேயே பத்துப் பேரை நிறுத்தும் அணி, தொலைவிலிருந்து நிறைய ஷாட் அடிக்க விட்டுவிட்டு, அவற்றை உடம்பால் தடுக்கும். அங்கே ஷாட் எண்ணிக்கை குறையாது. கோலை நோக்கிச் செல்லும் பங்குதான் குறையும். உங்கள் ஆட்டக்காரர் தொலைவிலிருந்து அடிக்கும் மிட்ஃபீல்டராக இருந்தால் இது அவரைக் கடுமையாகப் பாதிக்கும். ஆறு கெஜத்தில் நின்று தட்டிவிடும் ஸ்டிரைக்கரை அவ்வளவாகப் பாதிக்காது. எதிரணி எதிர்கொண்ட ஷாட்களில் தடைபட்டவை எத்தனை என்ற கணக்கு இதைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, சராசரியைச் சதவீதமாக மாற்ற வேண்டும். 1.5க்கு மேல் என்றால் இரண்டோ அதற்கு மேலோ. எதிர்பார்க்கும் சராசரியை λ என்று வைத்தால், பாய்சான் பரவலின்படி:

P = 1 − e^(−λ) × (1 + λ)

λ = 0.88 என்று இட்டால் 22 சதவீதம் கிடைக்கிறது. எதையும் திருத்தாமல் 3ஐ 44 சதவீதத்தால் பெருக்கி வரும் 1.32ஐ இட்டிருந்தால் 38 சதவீதம் வந்திருக்கும். பெனால்டி அடிப்பவரும் அவரே என்றால் λ உடன் 0.1 அளவு சேருங்கள். சதவீதம் 26ஐ ஒட்டி வரும்.

ஆடும் பதினொருவர் பட்டியல் வெளியாவதற்குள் கணிப்பைக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் போட்டி விதி சொன்னால், அவர் பெஞ்சில் அமரும் வாய்ப்பையும் எடைபோட வேண்டும். கடைசி 25 நிமிடம் மட்டும் இறங்கினால் λ 0.29, அப்போது இரண்டு ஷாட் கோலை நோக்கிச் செல்லும் வாய்ப்பு 4 சதவீதத்தையும் எட்டாது. அவர் தொடக்கத்திலேயே இறங்கும் வாய்ப்பு நான்கில் மூன்று என்று நினைத்தால், 22ஐயும் 4ஐயும் அந்த விகிதத்தில் கலந்து 17 அல்லது 18 சதவீதம் என்று எழுதுங்கள்.